அடிப்புள்ளிக்கு இடப்பக்கம்

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. கோந்து, வியர்வை, ஆறிப்போன டீ, எச்சில். எச்சில்தான் அதிகம். ஒரு கூடத்தில் அறுபது வாத்தியார்கள் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவோம். அதே விரலால் பிஸ்கட்டையும் எடுப்போம். பதினொரு வருஷமாகப் போகிறேன். முதல் நாள் குமட்டும், மூன்றாம் நாள் பழகிவிடும். பழகிவிடுகிறதே என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

அந்தக் கூடத்தில் விரலை நாக்கில் தொடாத ஒரே ஆள் என் மேசையிலிருந்த மேடம். தபால் ஆபீஸில் இருப்பதுபோல ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பா ஒன்று அவர் பையில் இருக்கும். ஐம்பத்திரண்டு வயது. வேறொரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'வெட்டுப்புள்ளி' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை, எனக்கும்தான்.

பெயர் வந்த கதை ரொம்பச் சின்னது. நாங்களெல்லாம் ஒரு விடையை எடுத்தால் முதல் வரியிலிருந்து படிப்போம், அல்லது படிப்பதுபோல நடிப்போம். அவர் நேராகப் படத்துக்குப் போவார். ஒருவனே விற்கும் முற்றுரிமையாகட்டும், பலர் விற்கும் நிறைவுப் போட்டியாகட்டும், முதலில் செலவுக் கோடுகள். சராசரிச் செலவு, சுருக்கமாக ஏசி, கிண்ணம்போல இறங்கி ஏறும். அடுத்த ஒரு பண்டம் செய்ய எவ்வளவு கூடுதலாக ஆகிறது என்று காட்டும் இறுதிநிலைச் செலவு, அதாவது எம்சி, கீழேயிருந்து ஏறி வந்து அந்தக் கிண்ணத்தின் அடிப்புள்ளியில்தான் வெட்ட வேண்டும். கொஞ்சம் இடதுபக்கமோ வலதுபக்கமோ வெட்டினால் படம் பொய். மேடம் அன்று காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் விளிம்பைக் கிண்ணத்துக்கு அடியில் படுக்கையாக வைத்து மெதுவாக மேலே நகர்த்துவார். விளிம்பு கிண்ணத்தைத் தொடும் இடம் அடிப்புள்ளி. அங்கே மற்றக் கோடு வருகிறதா என்று பார்ப்பார். வந்தால்தான் மேற்கொண்டு படிப்பு. வராவிட்டால் படத்துக்குச் சுழியம்.

"கையால போடற கோடு மேடம், ஒரு நூல் அப்படி இப்படி இருக்கும்" என்று நான் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன்.

"ஒரு நூல்னா விட்டுடறேன் சார். இவன் ரெண்டு விரக்கடை தள்ளி வெட்டியிருக்கான். இது கோணல் இல்ல, புரியாம போட்டது."

விட மாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தேர்வாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, 'வளைகோடுகள் வெட்டும் இடம் தவறினால் படத்துக்கு மதிப்பெண் இல்லை' என்று விதியே போடவைத்தவர் அவர். அன்றைக்கு டீ ஆறுகிறதே என்ற கவலையில் நாங்கள் அத்தனை பேரும் கை தூக்கினோம்.

படங்களைப் பார்த்தால் அவர் முகம் சுளிப்பதில் தப்பில்லை. கண்றாவி. நிறைவுப் போட்டியில் விலைக்கோடு படுக்கையாக இருக்க வேண்டும்; அதைச் சறுக்குமரம் மாதிரி இறக்கியிருப்பான். முற்றுரிமையில் இறுதிநிலை வருவாய் சராசரி வருவாய்க்குக் கீழே கிடக்க வேண்டும். அதைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்திருப்பான். விலையைத் தேவைக் கோட்டில் போய்ப் படிக்காமல் இறுதிநிலைச் செலவும் வருவாயும் சந்திக்கும் இடத்திலேயே படிப்பான். இறுதிநிலைச் செலவு இறங்கும்போது விலைக்கோட்டை ஒருமுறை வெட்டும், ஏறும்போது இன்னொருமுறை வெட்டும். ஏறும்போது வெட்டுவதுதான் இலாபம் உச்சமாகும் இடம். நம்மாள் முதல் வெட்டிலேயே கடையைப் போட்டுவிடுவான். அங்கே நிறுத்தினால் முதலாளி தலையில் துண்டுதான். இத்தனையும் போட்டுவிட்டு, கீழே 'எனவே நிறுவனம் சமநிலை அடைகிறது' என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டிருப்பான்.

இதையெல்லாம் எங்கிருந்து கற்றார்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான், கைடு. எங்கள் பக்கத்து முப்பது கல்லூரிகளுக்கும் ஒரே கைடு. எழுதியவர் எங்கள் தலைமைத் தேர்வாளர். நாங்கள் சீஃப் என்போம். நல்ல குரல், வழித்துச் சீவிய தலை, எப்போதும் கையில் ஒரு ஃபைல். வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கும் வாத்தியாரை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. நானும் கைடை வைத்துத்தான் நடத்துகிறேன். மேடம் மட்டும் அதைத் தொடமாட்டார். இதில் வேடிக்கை, மேடம் வேலை பார்க்கும் கல்லூரிக்கு எதிரே அவர் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் அதிகம் போவது அந்தக் கைடுதான். "வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதீங்க" என்று மேடம் அவரிடம் சொல்லிவைத்திருந்தாராம்.

போன வருஷ முகாமின் மூன்றாம் நாள். தாள் நுண்ணியல் பொருளாதாரம். பதினேழாம் கேள்வி: முற்றுரிமையாளர் குறுகிய காலத்தில் எந்த அளவில் உற்பத்தி செய்தால் இலாபம் உச்சமாகும், படத்துடன் விளக்குக. மொத்தம் பதினைந்து, அதில் படத்துக்கு ஐந்து. எப்போதும் விடைக்குறிப்பில், அதாவது கீ-யில், 'படம்' என்று ஒரு சொல்தான் இருக்கும். இந்த முறை சீஃப் தாராளமாகப் படத்தையே அச்சடித்துக் கொடுத்திருந்தார். எனக்குப் பெரிய நிம்மதி. குறிப்பை இடதுபக்கம் வைத்துக்கொண்டேன், விடைத்தாளை வலதுபக்கம். படம் படத்தோடு ஒத்துப்போனால் ஐந்து, ஒத்துப்போகாவிட்டால் சுழியம். மூளைக்கு லீவு விட்டுவிட்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

மேடம் குறிப்பைத் திறக்கவே இல்லை. அது அவர் பைக்கு அடியில், மடிப்புக் கலையாமல் கிடந்தது. டிக்கெட் விளிம்பு போதும் அவருக்கு.

டீ வந்த நேரத்தில் சீஃப் மேடத்தின் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

"மேடம், என்ன இது? முப்பது பேப்பர்ல இருபத்திரண்டு பேருக்குப் படத்துக்கு ஜீரோ. ஊர்ல இருக்கற பிள்ளைங்க எல்லாம் ஒரே நாள்ல முட்டாள் ஆயிட்டாங்களா?"

"ஒரே நாள்ல ஆகல சார், நாமதான் மூணு வருஷமா ஆக்கியிருக்கோம். எல்லாரும் எம்சிய அடிப்புள்ளிக்கு இடப்பக்கம் வெட்டியிருக்காங்க. ஒரே அச்சு."

"கீ-ல இருக்கற மாதிரிதானே போட்டிருக்காங்க? கீ-ய பாத்தீங்களா நீங்க?"

மேடம் பையை நகர்த்திக் குறிப்பை எடுத்தார். பிரித்தார். டிக்கெட்டை வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றில் முடி வந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"சார், கீ தப்பு."

சீஃப் சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷமா இதான் படம் மேடம்."

"அப்போ இருபத்தஞ்சு வருஷமா தப்பு. பாருங்க, எம்சி இங்க வெட்டிட்டு ஏசிக்கு மேல போயிடுச்சு. அதுக்கப்புறமும் ஏசி இறங்கிட்டே இருக்கு. எப்படி இறங்கும்? ஒரு கிளாஸ்ல சராசரி மார்க் அறுபது. புதுசா ஒருத்தன் எழுபது வாங்கிட்டு வரான். சராசரி ஏறுமா, இறங்குமா?"

சீஃப் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றுவிட்டன. வேடிக்கை என்றால் மட்டும் எங்கள் ஆட்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எனக்கு அப்போது ஒரு தாள் நினைவுக்கு வந்தது. என் முன்னால் கட்டி வைத்த கட்டில் மேலேயிருந்து நான்காவது தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அதை முடித்திருந்தேன். முகப்பில் பெயர் கிடையாது. கிழித்துவிட்டு வெறும் எண் போட்டிருப்பார்கள். ஆனால் ஒரு சிவப்பு முத்திரை இருந்தது: 'பழைய பாடத்திட்டம் – இறுதி வாய்ப்பு'. இதில் போனால் அந்தப் பிள்ளை மூன்று வருஷம் படித்தது மொத்தமும் கோவிந்தா. புதுப் பாடத்திட்டத்தில் முதலிலிருந்து சேர வேண்டும், அல்லது பட்டமே வேண்டாமென்று போக வேண்டும். தேறுவதற்கு நாற்பது. நான் போட்ட மொத்தம் முப்பத்தேழு. படத்துக்குச் சுழியம்.

கயிற்றை அவிழ்த்து அதை எடுத்தேன். படம் என் குறிப்பிலிருந்ததைப்போல இல்லை. அதனால்தான் சுழியம் போட்டேன். குறிப்பில் செலவுக் கோடுகள் இரண்டும் உற்பத்தி அளவைக் காட்டும் புள்ளிக்கோட்டுக்கு இடதுபக்கம் வெட்டிக்கொண்டன. இதில் வலதுபக்கம் வெட்டின. முற்றுரிமையில் அது எந்தப் பக்கமும் இருக்கலாம், அடிப்புள்ளியில் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கிண்ணத்தின் அடியில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, அதன் வழியாகக் கோட்டை இழுத்திருந்தது. விலைக்கும் சராசரிச் செலவுக்கும் நடுவில் வரும் இலாபக் கட்டம் ஒல்லியாக இருந்தது. உள்ளே எழுத இடமில்லாமல், 'இலாபம்' என்று வெளியே எழுதி ஓர் அம்பு விட்டிருந்தது. அந்த அம்பைப் பார்த்தபோது எனக்கு என் விரலே அசிங்கமாகத் தெரிந்தது.

சீஃப் போனதும் தாளை மேடம் பக்கம் தள்ளினேன். அதற்கு முன் ஒரு நிமிஷம் அதைத் திரும்பக் கட்டுக்குள் செருகிவிடலாமா என்று யோசித்தேன். இல்லையென்று சொன்னால் பொய்.

மேடம் டிக்கெட்டை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரியா இருக்கு. யாரு ஜீரோ போட்டது?"

"நான்தான் மேடம்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாத்துங்க" என்றார்.

"மாத்தினா சீஃப் ஒப்பு தரணும். கீ-க்கு விரோதமா மார்க் போட முடியாது."

அவர் எழுந்து சீஃப் அறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். சீஃப் அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றும். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். சரி என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவர், தெரியாமல் இருக்குமா?

"மேடம், நிதானமா யோசிங்க. கீ தப்புன்னா என்ன ஆகும்? அதைப் பாத்துப் போட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்கு நீங்களே போட்ட விதிப்படி ஜீரோ. ரிசல்ட் பாதாளத்துக்குப் போகும். பேப்பர்காரன் வருவான். ஒரே ஒரு பையனுக்காக."

"பையனோ பொண்ணோ, நமக்குத் தெரியாது சார்."

"யாரோ. நீங்க வேணும்னா எழுத்துல குடுங்க, கீ-ல இருக்கற படம் தப்பு, அதனால இன்ன மாத்தம் வேணும்னு. நான் போர்டுக்கு அனுப்பறேன். ஆனா..." ஃபைலை மூடினார். "எழுதறதுக்கு முன்னாடி, அந்தப் படம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துட்டு எழுதுங்க. முதல் பதிப்பு. கைடு முன்னுரையைப் படிங்க."

அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு இல்லை. சாக்கடையைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடிப்பவன் முகத்தில் இருக்குமே ஒரு ஜாக்கிரதை, அது.

சாயங்காலம் நானும் மேடமும் ஒரே பஸ்ஸில் வந்தோம். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவன். அன்றைக்கு என்னவோ அவரோடேயே இறங்கிவிட்டேன். கடையில் அவர் கணவர் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில், அரைக்கைச் சட்டையில் மைப்பொடி படிந்து நின்றுகொண்டிருந்தார். எப்போதும் சிரித்த முகம். கல்லூரியில் மேடத்துக்குப் பயப்படும் பிள்ளைகள் இவரிடம் வந்து அழுவார்கள் என்று கேள்வி.

"என்னம்மா, சாரைக் கூட்டிட்டு வந்திருக்க? உக்காருங்க சார்."

"அந்தக் கைடு முதல் பதிப்பு இருக்கா உங்ககிட்ட?" என்றார் மேடம்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "நீ கேக்கற? கைட?"

"இருக்கா, இல்லையா?"

பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பழைய கேள்வித்தாள்கள், மங்கிய அட்டைகள், அதற்கடியில் பழுத்துப்போன அந்தப் புத்தகம். மேடம் முன்னுரையைத் திறந்தார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கடைசி வரி: 'படங்கள் அனைத்தையும் வரைந்து உதவிய இளம் விரிவுரையாளருக்கு நன்றி.' அதற்குப் பக்கத்தில் மேடத்தின் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய தலைப்பெழுத்தோடு.

அவர் முற்றுரிமை அத்தியாயத்தைத் திருப்பினார். அதே படம். நகலெடுத்து நகலெடுத்துத் தேய்ந்துபோகாத, கூர்மையான படம். எழுத்துக்களின் காலில் ஒரு சின்னக் கொக்கி. இப்போதும் அவர் கரும்பலகையில் எழுதினால் அந்தக் கொக்கி விழும். பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்தார். விளிம்பு கிண்ணத்தைத் தொட்டது. கோடு அதற்கு இடதுபக்கம், ஒரு நகத்தின் அகலம் தள்ளி வெட்டியிருந்தது.

"இது நீ போட்டதுதானே?" என்றார் கணவர், ஒன்றும் அறியாதவராக. "நாம நிச்சயம் பண்ணின புதுசுல. உங்க வீட்டு வராந்தாவுல வளைகோடு போடற ஸ்டென்சில் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே. 'கட்டம் ஒல்லியா இருக்கு, எழுத்து உள்ள நிக்கல, பெருசு பண்ணித் தா'ன்னு அந்த ஆளு திருப்பி அனுப்பினான்ல? நீ என்கிட்ட புலம்பின."

மேடத்துக்கு நினைவு வந்தது. வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கழுத்திலிருந்து காது வரை ரத்தம் ஏறியது.

"எம்சிக்கு மை போட்டுட்டேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "ஏசி பென்சில்ல இருந்துச்சு. மையை அழிச்சா காகிதம் கிழியும். மொத்தப் படத்தையும் திருப்பிப் போடணும். பன்னிரண்டு படம் பாக்கி இருந்துச்சு. ஏசிய மட்டும் அழிச்சு, அதே ஸ்டென்சிலக் கீழ இறக்கிப் போட்டுட்டேன். கட்டம் பெருசாச்சு. எழுத்து உள்ள நின்னுச்சு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒன்றை மட்டும் நேர்க்கீழே இறக்கினால், ஏறிவரும் மற்றக் கோடு அதை முன்னாடியே, இறங்குகிற பக்கத்திலேயே வெட்டிவிடும். வாடகைபோன்ற நிலைச்செலவு குறைந்ததால் சராசரி இறங்குகிறது என்றால்கூட, அடிப்புள்ளி இறுதிநிலைச் செலவுக் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு இடதுபக்கம் போக வேண்டும். தனியாக இறங்க முடியாது. இது அவருக்கு அந்த வயசிலேயே தெரிந்திருக்கும்.

"தெரியும் சார்" என்றார், நான் கேட்காமலே. "அப்போவே தெரியும். கைடுதானே, எவன் டிக்கெட் வெச்சுப் பாக்கப்போறான்னு நினைச்சேன்."

கடையில் அடுக்கியிருந்த புதுக் கைடுகளை அவர் பார்த்தார். வாசல் வரை இருந்தன. இத்தனை வருஷமாக ஒவ்வொரு முகாமிலும் அவர் முகம் சுளித்துச் சுழியம் போட்ட கோடு, அவர் கையிலிருந்தே போயிருக்கிறது. போன பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், யாருக்குத் தெரியும்? அவர் கடைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். கணவர் என்னைப் பார்த்து, "என்ன சார் ஆச்சு?" என்றார் மெதுவாக. நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"மேடம், வேற வழி இருக்கு" என்றேன், அவர் திரும்பி வந்ததும். இதைச் சொன்னதற்காக இப்போது வெட்கப்படுகிறேன், ஆனால் சொன்னேன். "அந்தப் பேப்பருக்கு விளக்கப் பகுதில மூணு மார்க் கூட்டிப் போட்டுடறேன். நாற்பது வந்துடும். பாஸ். கீ அப்படியே இருக்கட்டும். உங்க பேரும் வெளிய வராது."

"அந்த மாதிரி பேப்பர் இந்தக் கூடத்துல இன்னும் எத்தனை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். கணவர் இயந்திரத்தின் தட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அங்கேயே, கல்லாப்பெட்டியின் மேல் வைத்து எழுதினார். நான் படித்தேன். சொல்லலங்காரம் ஒன்றும் இல்லை. பதினேழாம் கேள்வியின் விடைக்குறிப்புப் படம் தவறு. சராசரிச் செலவு இறங்கும்போதே இறுதிநிலைச் செலவு அதை வெட்டுவதாகக் காட்டுகிறது. சரியாக வரைந்தவர்களுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். குறிப்பில் உள்ளவாறு வரைந்தவர்களுக்கும் இந்த முறை மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. தவறு அவர்களுடையது அல்ல. படத்தை வரைந்தது நான். கையெழுத்து.

"கடைசி வரி தேவையா மேடம்?"

"அது இல்லாம எழுதினா, எவனோ போட்ட தப்பை நான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும் சார். சகிக்காது."

மறுநாள் காலையில் சீஃப் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அதற்குள் கூடம் முழுக்கக் கதை பரவியிருந்தது. யார் பரப்பினார்கள் என்று கேட்காதீர்கள். காலை பஸ்ஸில் என் பக்கத்தில் வணிகவியல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுத்தில் வந்துவிட்டதால் சீஃபுக்கு அமுக்க வழியில்லை. போர்டுக்கு ஃபோன் போட்டார், ஒரு மணி நேரம் கழித்து மைக்கில் அறிவித்தார்: 'தொழில்நுட்பக் காரணத்தால்' பதினேழாம் கேள்விக்கு இரண்டு விதப் படமும் ஏற்கப்படும். தொழில்நுட்பமாம்! நாக்கு கூசாமல் சொன்னார்.

நான் அந்த நான்காவது தாளில் சுழியத்தை அடித்து ஐந்து போட்டேன். நாற்பத்திரண்டு. திருத்தம் செய்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி, போட்டேன். யாரென்று தெரியாத அந்தப் பிள்ளை தேறிவிட்டது. என் கட்டுகளில் தேடியதில் அதைப்போல இன்னும் மூன்று இருந்தன.

மேடம் தன் கட்டை வாங்கி, இருபத்திரண்டு சுழியங்களையும் அடித்தார். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு தாளிலும் அந்தத் தப்பான வெட்டு கண்ணெதிரே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஐந்து என்று எழுதி, கொக்கி விழுந்த தன் கையெழுத்தைப் போடுகிறார். இருபத்திரண்டு தடவை. டிக்கெட்டை எடுக்கவே இல்லை. பக்கத்து மேசையில் யாரோ ஏதோ முணுமுணுக்க, நாலு பேர் கெக்கலி கொட்டினார்கள். இவர்களில் ஒருவன்கூட அந்தக் கோட்டை ஒரு தடவையாவது பார்த்தவன் இல்லை. நானும் இல்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது வந்த குமட்டல் எனக்கு எச்சில் விரலைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

அடுத்த முகாமுக்கு அவருக்கு ஆணை வரவில்லை. காரணம் கேட்டு எழுதினாராம், பதில் இல்லை. என் மேசையில் இப்போது வேறொருவர் உட்கார்கிறார். விரலை நாக்கில் தொட்டு வேகமாகப் புரட்டுகிறார்.

கல்லூரி திறந்த வாரம் ஒரு நகலெடுக்க அவர் கணவர் கடைக்குப் போனேன். மேடம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புதுப் பதிப்பு. பக்கத்தில் ஒரு அடுக்கு, எதிரே இன்னொரு அடுக்கு. புது அட்டை, புது நிறம், முன்னுரையில் சீஃபின் புதுப் புகைப்படம்.

"மாத்திட்டாரா மேடம்?"

புத்தகத்தை என்னிடம் நீட்டினார். படம் அப்படியே இருந்தது. அதே கட்டம், அதே கொக்கி, அதே நகத்தின் அகலம். முன்னுரையின் கடைசி வரியைத் தேடினேன். நன்றி சொன்ன வரி மட்டும் இல்லை.

என் வாயில் கெட்ட வார்த்தை வந்தது. மேடம் எதிரே என்பதால் விழுங்கினேன்.

அவர் புத்தகத்தைத் திருப்பி வாங்கி, சிவப்புப் பேனாவால் சராசரிச் செலவுக் கோட்டை அடித்தார். மேலே தள்ளி, அடிப்புள்ளி இறுதிநிலைச் செலவுக் கோட்டின் மேல் விழும்படி, புதுக் கிண்ணம் ஒன்று போட்டார். கட்டம் ஒல்லியாகிவிட்டது. வெளியே 'இலாபம்' என்று எழுதி ஓர் அம்பு விட்டார். மூடி, எதிர் அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"சொன்னா கேக்க மாட்டேங்கறா சார்" என்றார் கணவர். "புது புக்கைக் கிறுக்கி வெச்சா எவன் வாங்குவான்?"

அப்போது ஒரு மாணவி வந்து கைடு கேட்டாள். கணவர் எதிர் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"அங்கிள், வேற புது காப்பி குடுங்க. இதுல யாரோ கிறுக்கியிருக்காங்க."

மேடம் தலை நிமிராமல் அடுத்த படத்துக்கு டிக்கெட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா கிறுக்கினேன்" என்றார். "அதுக்கு அடியில இருக்கறதையும் நான்தான் கிறுக்கினேன். ரெண்டுல மேல இருக்கறதைப் படி."